கோபால்ட் அணைவு அயனியின் கார நீராற்பகுப்பு: 1966 கான்பரா சோதனை எதை நிறுவியது?

கோபால்ட்(III) அமீன் அணைவுகள் காரக் கரைசலில் குளோரைடை இழந்து ஹைட்ராக்சைடை ஏற்கும் வினைக்கு முன்சமநிலை வழிமுறையே சரி என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. எந்தச் சான்று அதை நிறுவியது என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. 1966இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பக்கிங்ஹாம், ஓல்சன், சார்ஜசன் மூவரும் செய்த போட்டிச் சோதனை முன்சமநிலையை நிறுவியது என்று எழுதும் ஒரு மரபு நெடுநாளாக இருந்துவருகிறது. வகுப்பறைக் குறிப்புகளிலும் அதுவே படிந்துவிட்டது. அந்தச் சோதனை முன்சமநிலையைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை என்பதே என் வாதம். அது நிறுவியது வேறொன்று, என் கணிப்பில் அதைவிடப் பெரியது.

வினை எளியது. [Co(NH3)5Cl]2+ அயனி ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து [Co(NH3)5OH]2+ ஆகிறது. வேகம் அணைவின் செறிவுக்கும் ஹைட்ராக்சைடின் செறிவுக்கும் நேர்விகிதத்தில் உள்ளது. வேகமாறிலியை, கரைசலின் அயனி வலிமை உயர்வாக உள்ள நிலையில், 25 பாகையில் லிட்டர்/மோல்/வினாடி அலகில் சுமார் 0.25 என்று கொள்ளலாம். அப்படியானால் 0.1 மோலார் காரத்தில் பாதி அணைவு அரை நிமிடத்துக்குள் மாறிவிடும். காரம் இல்லாத அமிலக் கரைசலில் இதே குளோரைடு தானாக வெளியேறப் பாதி வாழ்காலம் ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பெரிய இடைவெளியை விளக்க வேண்டியதுதான் சிக்கல்.

1950களில் லண்டனில் இங்கோல்டும், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் படித்துச் சிட்னித் தொழில்நுட்பக் கல்லூரியில் கற்பித்த நைஹோமும் ஹைட்ராக்சைடு நேரடியாகக் கோபால்டைத் தாக்குகிறது என்றார்கள். 1937இலேயே காரிக் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். ஹைட்ராக்சைடு முதலில் அம்மோனியா ஈனியிலிருந்து ஒரு புரோட்டானைப் பறிக்கிறது. அப்படி உருவான இணை காரம் குளோரைடை எளிதில் இழக்கிறது. எஞ்சும் ஐந்து ஈனி இடைநிலையை நீர் பிடித்துக்கொள்கிறது. பசோலோவும் பியர்சனும் இந்த வழியை எடுத்து வளர்த்தார்கள்.

இரு தரப்பும் வேக விதியைத் தமக்குச் சாதகமாகக் காட்ட முடிந்ததன் காரணத்தைச் சமன்பாட்டிலேயே பார்க்கலாம். அணைவை S என்றும் அதன் இணை காரத்தை CB என்றும் குறிப்போம்.

```
S + OH-  ⇌  CB + H2O     (முன் k1, பின் k-1)
CB       →  I + Cl-      (k2)
I + H2O  →  விளைபொருள்   (விரைவு)
```

CB மிகச் சிறிய அளவில்தான் இருக்கிறது என்று கொண்டு, அது உருவாகும் வேகத்தையும் மறையும் வேகத்தையும் சமப்படுத்தினால் கிடைப்பது:

```
வேகம் = k1 k2 [S][OH-] / (k-1 + k2)
```

k2 மிகப் பெரிதானால் பகுதியில் k-1 பொருட்டல்ல, வேகம் k1[S][OH-] ஆகிறது. இது முதல் படி மெதுவான நிலை: புரோட்டான் பறிப்பே வேகத்தை நிர்ணயிக்கிறது. k-1 மிகப் பெரிதானால் வேகம் K k2 [S][OH-] ஆகிறது, இங்கே K என்பது k1/k-1. இது விரைவான முன்சமநிலை. இங்கோல்ட் தரப்பின் ஒற்றைப்படித் தாக்குதலும் k[S][OH-] என்றே முடிகிறது. மூன்று வழிமுறைகளுக்கும் எழுத்து மாறாத ஒரே வேக விதி. ஆகவே வேக விதியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தவர்கள் அந்தத் தேர்வுக்கான காரணத்தை வேறெங்கிருந்தோ கொண்டுவந்திருக்க வேண்டும்.

காரத்தின் செறிவை உயர்த்திக்கொண்டே போனால் முன்சமநிலை தன்னைக் காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. CB புறக்கணிக்கத்தக்க அளவில் இல்லையென்றால் மொத்த அணைவு செறிவை [S]T என்று கொண்டு எழுத வேண்டும்:

```
வேகம் = K k2 [OH-] [S]T / (1 + K[OH-])
```

காரம் மிகுந்தால் வேகம் ஒரு கட்டத்தில் உயராமல் நிற்க வேண்டும். அந்தக் கட்டத்தை நீரில் எட்ட முடியுமா? அம்மோனியா ஈனியின் அமில மாறிலி 10^-16 என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால், K என்பது 10^-16 ஐ நீரின் அயனிப் பெருக்கமான 10^-14 ஆல் வகுத்தது, அதாவது 0.01. ஒரு மோலார் காரத்திலும் பகுதி 1.01 மட்டுமே. ஒரு விழுக்காட்டு வளைவு அயனி வலிமை மாற்றத்தின் விளைவுக்குள் கரைந்துவிடும். நேர்கோடாக வரும் வரைபடம் நேரடித் தாக்குதலின் சான்று என்று சொல்ல இதனால் இடமே இல்லை. அதே கணக்கின்படி k2 வினாடிக்கு 25 என்று வருகிறது. புரோட்டானை இழக்காத அணைவு குளோரைடை இழக்கும் மாறிலி வினாடிக்குச் சுமார் 1.7 × 10^-6. ஒரு புரோட்டான் போனதற்கே ஒன்றரைக் கோடி மடங்கு விரைவு. இதை நம்ப மறுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி 1966 சோதனைக்கு வருவோம். சார்ஜசன் சிட்னியில் டுவையரிடம் பயின்றவர். அணைவு வேதியியலில் விளைபொருளின் அமைப்பை நுணுகிப் பார்க்கும் பழக்கம் அந்தப் பள்ளிக்கு உண்டு; வேகத்தை அளப்பதோடு நில்லாமல் விளைபொருளைப் பிரித்தெடுத்து எண்ணும் இந்தச் சோதனையிலும் அதன் சாயலைக் காண்கிறேன். [Co(NH3)5X]2+ வகை அணைவுகளைக் காரக் கரைசலில் வினைபுரிய விட்டார்கள். X குளோரைடாக, புரோமைடாக, அயோடைடாக, நைட்ரேட்டாக மாறியது. கரைசலில் அசைடு போன்ற வேறொரு எதிரயனியையும் மிகுதியாகச் சேர்த்தார்கள். விளைபொருளில் ஹைட்ராக்சோ அணைவு பெரும்பங்கு, அசைடு அணைவு சிறுபங்கு. அசைடு பிடித்த அந்தச் சிறுபங்கு, எந்த X வெளியேறினாலும் ஏறக்குறைய மாறவில்லை.

இதன் கூர்மை, வேகங்களோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும். அயோடைடு அணைவு புரோமைடைவிட விரைவாகவும், புரோமைடு குளோரைடைவிட விரைவாகவும் வினைபுரிகிறது. வேகத்தில் X இருக்கிறது. விளைபொருள் விகிதத்தில் X இல்லை. அசைடோ நேர்மாறு: விளைபொருளில் இருக்கிறது, அயனி வலிமையைச் சமப்படுத்திவிட்டால் வேக விதியில் இல்லை. மெதுவான படி முடிந்த பிறகுதான், X விலகிய பிறகுதான், யார் உள்ளே வருவது என்பது முடிவாகிறது. ஹைட்ராக்சைடு கோபால்டைத் தாக்கி X-ஐ வெளியே தள்ளும் ஒற்றைப்படிப் படம் இதோடு ஒத்துப்போகாது. அந்த ஒரு படத்தை இச்சோதனை சாய்த்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் மீதமுள்ள இரண்டில் எது? முதல் படி மெதுவாக இருந்து, CB உருவான கணமே X விலகி, இடைநிலை பிறந்தாலும் அசைடின் பங்கு இதேதான். போட்டி நடக்கும் இடம் மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில் k-1 பெரியதா, k2 பெரியதா என்பதை அங்கிருந்து பார்க்க இயலாது. X மாறினால் வேகம் மாறுவது பிணைப்பு முறிவு மெதுவான படியில் இருப்பதைக் காட்டுகிறதே என்று மறுப்பார்கள். அது ஒரு குறிப்பு, நிறுவல் அல்ல. X மாறும்போது அம்மோனியாவின் அமிலத்தன்மையும் கொஞ்சம் மாறும்.

இந்தக் கேள்விக்கு நேரான விடை ஐதரசன் பரிமாற்றத்தில் இருக்கிறது. அணைவைக் கனநீரில் காரத்துடன் வைத்து, வினை பாதியில் இருக்கும்போது அமிலம் சேர்த்து நிறுத்தி, வினைபுரியாமல் மிஞ்சிய அணைவைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். அமிலத்தில் பரிமாற்றம் மிக மெதுவாகிவிடும் என்பதால் பறிப்பின் தடம் அழியாமல் நிற்கும். மிஞ்சியதில் நைட்ரஜனோடு டியூட்டீரியம் ஏறியிருந்தால், புரோட்டான் பலமுறை போய் வந்த பிறகும் குளோரைடு விலகவில்லை என்று பொருள், அதாவது k-1 பெரியது. ஏறாதிருந்தால் முதல் படியே மெதுவானது. ஐந்து அம்மோனியா அணைவில் பரிமாற்றம் நீராற்பகுப்பைவிடப் பன்மடங்கு விரைவு. முன்சமநிலையில் உள்ள ‘முன்’ இந்தத் தரவைத்தான் நம்பி நிற்கிறது. சில பெருவளைய அமீன் ஈனிகளுள்ள அணைவுகளில் நிலைமை தலைகீழாகிப் புரோட்டான் பறிப்பே வேகத்தை நிர்ணயிக்கும் படியாகிறது. அங்கே ஹைட்ராக்சைடு மட்டுமன்றிக் கரைசலிலுள்ள பிற காரங்களும் வேகத்தைக் கூட்டும். தூய முன்சமநிலையில் அது நடக்காது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு நிலைகளும் இருப்பதால் பொதுவான தீர்ப்பு எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

இன்னொரு பக்கமும் அந்தச் சோதனைக்கு உரியதைவிட மிகுதியான பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. ஐந்து ஈனி இடைநிலை கரைசலில் சுதந்திரமாக உலவுகிறது என்ற முடிவையும் அதிலிருந்தே எடுக்கிறார்கள். 1963இல் கிரீனும் டாபும் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தபோது, ஹைட்ராக்சைடுக்கும் நீருக்கும் இடையே ஆக்சிஜன்-18 அளவில் சுமார் 4 விழுக்காடு வேறுபாடு இருக்க, விளைபொருளின் ஆக்சிஜன் நீரை ஒத்திருந்தது. உள்ளே வந்தது நீர் என்பது அதனால் உறுதி. குளோரைடு, புரோமைடு, நைட்ரேட் மூன்றும் ஒரே மதிப்பைத் தந்தன. ஃபுளோரைடும் சல்ஃபேட்டும் அந்த மதிப்பிலிருந்து விலகின. இந்த இரண்டு விலகல்களும் மேற்கோள்களில் அநேகமாக விடுபட்டுப்போகின்றன. பின்னாளில் கான்பராவிலேயே தொடர்ந்த துல்லியமான அளவீடுகள், வெளியேறும் ஈனியின் மின்சுமை மாறினால் எதிரயனி பிடிக்கும் பங்கும் மாறுவதைக் காட்டின. வெளியேறியவரின் சுவடு இடைநிலையின் அண்டையில் இருக்கிறது. தன்னைச் சூழ்ந்த அயனிகள் புதிதாக ஒழுங்குபடுவதற்கு முன்பே அது எதையாவது பிடித்துவிடுகிறது. அளவீட்டுப் பிழை என்று இதை ஒதுக்குவோருக்கு நீண்ட பதில் தேவையில்லை. விலகல்கள் மின்சுமையின் வரிசையிலேயே வருகின்றன, பிழை அப்படி வரிசை கட்டி வருவதில்லை.

ஆகவே 1966 சோதனை ஒற்றைப்படித் தாக்குதலை விலக்கியது, இடைநிலை ஒன்று இருப்பதை ஏற்கவைத்தது, அதன் ஆயுளைச் சொல்லவில்லை, முன்சமநிலையைத் தொடவில்லை. முன்சமநிலைக்கு அதை மேற்கோளாகக் காட்டும் பாடக்குறிப்புகள் அந்த இடத்தில் ஐதரசன் பரிமாற்றத் தரவை வைக்க வேண்டும்.