உடலுழைப்பு அல்லது விளையாட்டு நின்றபின் ஏற்படும் உடல் எடை அதிகரிப்பு

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் சுமை ஏற்றி இறக்கும் பணியிலிருந்து அமர்ந்து செய்யும் பணிக்கு மாறிய இளைஞருக்கும், படிப்பு முடிந்து கபடியை நிறுத்தியவருக்கும் சில மாதங்களில் எடை கூடக்கூடும். உணவின் அளவை அவர்கள் கூட்டியிருக்க வேண்டியதில்லை. பழைய அளவைக் குறைக்காததே காரணமாகலாம்.

எடை ஏன் கூடுகிறது?

உழைப்பு குறைந்தால் பசியும் அதே அளவு குறையும் என்பது உறுதியில்லை. மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 1956-இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்தே பணிபுரிந்தவர்கள் கடின உழைப்பாளர்களுக்கு இணையாக உண்டதும், அவர்களைவிடக் கூடுதல் எடையுடன் இருந்ததும் கண்டறியப்பட்டன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டு பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு மிதமான உழைப்பில் நாளொன்றுக்கு 2,710 கிலோகலோரி தேவை. உட்கார்ந்த பணியில் 2,110 போதுமானது. வேறுபாடு 600. இது ஏறத்தாழ மூன்று கிண்ணம் சோற்றுக்குச் சமம் (ஒரு கிண்ணம் 150 கிராம்).

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கண்டவாறு பணி மாறிய 24 வயது இளைஞர் மதியமும் இரவும் தலா மூன்று கிண்ணம் சோறு உண்கிறார். சர்க்கரை சேர்த்த தேநீர் மூன்று முறை அருந்துகிறார். ஒவ்வொரு வேளையும் ஒரு கிண்ணம் சோற்றைக் குறைத்தால் சுமார் 400 கிலோகலோரி குறையும். தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் சேர்க்கும் சர்க்கரையைத் தவிர்த்தால் மேலும் சுமார் 100 குறையும். எஞ்சியதை நாள்தோறும் அரை மணி நேர விரைவு நடையால் ஈடுசெய்யலாம். பருப்பு, முட்டை, மீன், காய்கறிகளைக் குறைக்க வேண்டாம்.

தராசு காட்டாத மாற்றம்

பயன்படாத தசை மெலிகிறது. தசை கொழுப்பாக மாறுவதில்லை. தசை குறையும்போதே கொழுப்பு தனியாகச் சேர்கிறது. ஆகவே எடை மாறாமலேயே வயிறு பருக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியிட்டபின், மாதம் ஒருமுறை சுற்றளவை அளந்து குறித்து வைக்கவும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவை எட்டினால் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்கவும். தசையைக் காக்க, வாரம் இருமுறை தண்டால், பைட்டக் போன்ற பயிற்சிகளைச் செய்யவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

எல்லா எடை அதிகரிப்புக்கும் உழைப்புக் குறைவே காரணமன்று. பின்வருவன இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்:

• கடும் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் (தைராய்டு குறைபாடாக இருக்கலாம்)
• மாதவிடாய் ஒழுங்கின்மை
• ஸ்டீராய்டு போன்ற மருந்து தொடங்கியபின் கூடிய எடை (மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம்)
• சில நாட்களிலேயே கூடிய எடை, கால் வீக்கம் அல்லது மூச்சுத்திணறல் (உடனடியாக அணுகவும்)