வேலை மோசமென்றால் ஒப்பந்தக்காரருக்கு என்ன எழுதுவது?

ஜிந்துப்பிட்டியில் நெருக்கமாக நிற்கும் மாடிவீடுகளில் ஒரு குளியலறை ஒழுகினால் கீழ்வீடும் நனையும். அப்போது ஒப்பந்தக்காரருடன் வாய்த்தர்க்கம் செய்யாமல், திருத்த அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

“வேலை சரியில்லை” என்பது போதாது. “இரண்டாம் மாடிக் குளியலறைத் தரை, கதவருகே 1 மீற்றர் வெடிப்பு, கீழே நீர்க்கசிவு” என ஒவ்வொரு குறையையும் இடம், அளவுடன் எழுதி, படங்களை இணைக்கவேண்டும்.

அடுத்து, திருத்தி முடிக்கவேண்டிய திகதி. சீமெந்து இறுகவும், பின்னர் 24 மணித்தியாலம் தண்ணீர் தேக்கிச் சோதிக்கவும் நாள் விடவேண்டும். நியாயமற்ற தவணை பின்னர் உங்களுக்கே பாதகமாகலாம்.

கடைசியாக விளைவு. 1999ஆம் ஆண்டின் ‘ஃபிடிக்’ சிவப்புநூல் ஒப்பந்தமானால், 15.1ஆம் பிரிவு அறிவித்தலுக்கு இணங்காதபோது, 15.2இன்படி 14 நாள் முன்னறிவித்தலுடன் ஒப்பந்தத்தை முடிக்கலாம். சிறிய ஒப்பந்தமானால், அதில் எழுதியிருக்கும் உரிமையை மட்டுமே குறிப்பிடுங்கள்.