யாருக்கு எந்தச் சாவி? ஒரு ஷேர்டு ஃபோல்டரின் கதை

போன செமஸ்டர் புராஜெக்ட்டுக்காக நாங்கள் ஐந்து பேர் திருச்செந்தூரிலிருந்து உடன்குடிக்குப் போய், 42 கருப்பட்டி வியாபாரிகளிடம் கொள்முதல், விற்பனை, கடன் பாக்கி எல்லாம் கேட்டு எழுதி வந்தோம். அத்தனையும் ஒரே கூகுள் டிரைவ் ஃபோல்டரில். ஐந்து பேருக்கும் Editor. "நமக்குள்ள என்னல வித்தியாசம்?" என்று சொல்லி அப்படிக் கொடுத்த புண்ணியவான் அடியேன்தான்.

சமர்ப்பிக்க மூன்று நாள் இருக்கும்போது ஒன்று உறுத்தியது. பெட்டிக்கடை அளவில் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு எல்லோரையும் விட அதிகக் கடன் பாக்கி! "ஏல, கூட்டுத்தொகை சரியாத்தானே வருது?" என்றான் நண்பன். சரியாகத்தான் வந்தது. எங்களில் ஒருவன் கடன் பத்தியை மட்டும் தேர்வு செய்து பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தியிருந்தான். பெயர்கள் அப்படியே இருக்க, தொகைகள் மட்டும் இடம் மாறிவிட்டன. இருப்பாய்வு சமமானாலும் உள்ளே பிழை இருக்கலாம் என்று பிளஸ் ஒன்னில் படித்தோமே, அதேதான் மக்களே.

அப்போதுதான் இந்த Viewer, Commenter, Editor எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

ஒரே கணினியைப் பலர் பங்கிட்ட காலத்திலேயே இந்தத் தலைவலி உண்டு. 1971-ல் வந்த யுனிக்ஸ் முதல் கையேட்டிலேயே கோப்பின் சொந்தக்காரருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியாகப் படிக்கும் உரிமை, எழுதும் உரிமை என்று பிரித்திருந்தார்கள். 'குழு' என்ற நடுப்பிரிவு பிறகு சேர்ந்தது. ஆனால் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை உரிமை இரண்டே வகை: படிக்கலாம், அல்லது எழுதலாம்.

2005-ல் ரைட்லி என்ற இணையச் சொற்செயலி வந்தது. 2006 மார்ச்சில் கூகுள் அதை வாங்கியது. அதுதான் இன்றைய கூகுள் டாக்ஸின் வேர். அங்கும் தொடக்கத்தில் உரிமையாளர் போக, சேர்ந்து எழுதுபவர், பார்ப்பவர் என இரண்டே பேர். வழிகாட்டிப் பேராசிரியரை எதில் சேர்ப்பது? பார்ப்பவர் என்றால் பிழையைச் சொல்ல இடமில்லை. எழுதுபவர் என்றால் நம் வரியையே மாற்றிவிடலாம். இந்த இடைவெளியில்தான் Commenter என்ற பாத்திரம் பின்னால் வந்து நுழைந்தது. 2014-ல் Suggesting என்ற முறையும் வந்தது. அதன்படி Commenter ஒரு வரியைத் திருத்திக் காட்டலாம், ஆனால் ஏற்றால்தான் அது நிலைக்கும். இது டாக்ஸில்தான். ஷீட்ஸில் Commenter குறிப்பு மட்டுமே எழுத முடியும்.

சரி, எங்கள் கதை என்ன ஆயிற்று? File மெனுவில் Version history திறந்தோம். இது Editor-க்கு மட்டுமே தெரியும். யார், எப்போது மாற்றினார் என்று அங்கே பெயரோடு நிற்கும். பழைய பதிப்பை அப்படியே மீட்டிருந்தால் அதற்குப் பின் மற்றவர்கள் உழைத்ததும் போயிருக்கும். எனவே பழையதைத் தனிப் பிரதி எடுத்து, கடன் பத்தியை மட்டும் கொண்டுவந்து ஒட்டினோம். அப்புறம் கையெழுத்து நோட்டோடு 42 வரியையும் ஒப்பிட்டோம். ஒரு ராத்திரி போச்சு!

பிறகு ஃபோல்டரை மாற்றி அமைத்தோம். மேல் ஃபோல்டரில் கொடுக்கும் உரிமை உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இறங்கும். கீழே போகப் போக உரிமையைக் கூட்டுவது எளிது, குறைப்பதுதான் சிக்கல். அதனால் மேலே எல்லோருக்கும் Viewer. உள்ளே 'கள விவரம்' ஃபோல்டரில் உரிமையாளரான என்னைத் தவிர ஒருவனுக்கு மட்டும் Editor. 'அறிக்கை' ஃபோல்டரில் ஐவரும் எழுதலாம். வழிகாட்டிக்கு அந்த ஒன்றில் மட்டும் Commenter. Editor வேறு யாரையும் சேர்க்க முடியாதபடி, பகிர்வு அமைப்பில் அந்த அனுமதியையும் எடுத்துவிட்டோம்.

இன்னொரு பாடமும் கிடைத்தது. Viewer என்றால் ரகசியம் என்று அர்த்தமில்லை. அவர் பிரதி எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் அதைத் தடுத்தாலும் திரையைப் படம் பிடிப்பதை யார் தடுப்பது? நம்மை நம்பித் தன் கடனைச் சொன்ன மனிதர்களின் பெயர் அங்கே இருக்கக் கூடாது. பெயரை எடுத்துவிட்டு வரிசை எண் போட்டோம். பெயர்ப் பட்டியல் நோட்டில் மட்டும் இருக்கிறது.

வரிசைப்படுத்திய நண்பன் இப்போது Viewer. "என்னைய நம்பலையால?" என்று கேட்டான். உன்னை நம்புறேன் மக்கா, உன் மவுஸைத்தான் நம்பலை :-)