ஒரு தம்பதி, இரு நாட்காட்டிகள்

திருமணப் பேச்சு எடுத்தவுடன் ஜாதகங்களைப் பொருத்திப் பார்ப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். அதன் பக்கத்தில் சென்ற நூற்றாண்டில் இன்னொரு பொருத்தமும் வந்து அமர்ந்துகொண்டது. அதற்குப் பிறந்த நேரம் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம். பிறந்த நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றின் இலக்கங்களையெல்லாம் கூட்டி, ஓரிலக்கம் வரும்வரை மீண்டும் கூட்டிக்கொண்டே போனால் போதும். கிடைப்பது அவருடைய ‘விதி எண்’. மேல்நாட்டார் இதை ‘வாழ்க்கைப் பாதை எண்’ என்கிறார்கள். மணமகனின் எண்ணையும் மணமகளின் எண்ணையும் ஓர் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரிந்துவிடுமாம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? மனிதரிடமிருந்தா, வானத்திலிருந்தா, அல்லது சுவரில் தொங்கும் நாட்காட்டியிலிருந்தா? இதை உண்மையான ஒரு தம்பதியை வைத்தே பார்ப்போம். அதற்கு முன் கணக்கின் உட்பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1850 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 1000, 800, 50 ஆகியவற்றின் கூட்டல். 1000 என்பது 999உடன் 1. 800 என்பது எட்டு 99களுடன் 8. 50 என்பது ஐந்து 9களுடன் 5. 999, 99, 9 எல்லாம் 9ஆல் மீதியின்றி வகுபடுபவை. அவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது 1, 8, 5. அதாவது இலக்கங்களைக் கூட்டுவது என்பது 9ஆல் வகுத்து மீதி காண்பதே. மீதி ஒன்றுமில்லாவிட்டால் 9 என்று கொள்கிறோம். பெருக்கலைச் சரிபார்க்க நம் நாட்டுக் கணித அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியைக் கையாண்டார்கள். ஆக, விதி எண் என்பது நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கூட்டி 9ஆல் வகுத்த மீதி. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

ஏன் 9? நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், அதனால் 9. எட்டு எட்டாக எண்ணும் வழக்கம் நமக்கு இருந்திருந்தால் இதே இலக்கக் கூட்டல் 7ஆல் வகுத்த மீதியைத் தந்திருக்கும். விதி எண்களும் ஏழோடு நின்றிருக்கும்.

இருவரின் எண்களை எதிரெதிரே நிறுத்தும் வழக்கம் மிகப் பழையது. ஆனால் அது தொடங்கிய இடம் மணப்பந்தல் அல்ல, போர்க்களம்! கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த ஹிப்போலிட்டஸ் என்ற கிறித்தவ அறிஞர் கிரேக்க மொழியில் ஒரு மறுப்பு நூல் எழுதினார். தம் காலத்துப் பெயர்க் கணக்கர்களை அவர் அதில் கேலி செய்கிறார். கிரேக்கர்களுக்கு எழுத்துகளே எண்கள். 4, 40, 400 ஆகியவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. இந்தக் கணக்கர்கள் சுழிகளைத் தள்ளிவிட்டு மூன்றையும் 4 என்றே கொண்டார்கள். அவ்வாறு கூட்டினால் அகமெம்னான் என்ற பெயருக்கு 36, அதாவது 9. ஹெக்டருக்கு 19, அதாவது 1. இருவர் மோதினால் வெல்பவர் யார் என்று இந்த எண்களை ஒப்பிட்டுச் சொல்வார்களாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிலர் 9ஆல் வகுத்தார்கள், வேறு சிலர் 7ஆல் வகுத்தார்கள் என்றும் ஹிப்போலிட்டஸ் எழுதுகிறார். நாமும் வகுத்துப் பார்ப்போமே! 36ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1. 19ஐ வகுத்தால் மீதி 5. முதல் முறையில் பெரிய எண் அகமெம்னானுக்கு, இரண்டாவது முறையில் ஹெக்டருக்கு. வீரர்கள் மாறவில்லை, வகுஎண் மட்டுமே மாறியது.

அந்தக் கணக்கர்கள் பெயரைத்தான் கூட்டினார்கள், பிறந்த தேதியை அல்ல. பிறந்த தேதி முழுவதையும் இலக்கம் இலக்கமாகக் கூட்ட வேண்டுமானால், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் ஆண்டுக் கணக்கு வேண்டும். சுழியோடு கூடிய இடமதிப்பு எண்முறை வேண்டும். தேதியை எழுதிவைக்கும் பதிவேடும் வேண்டும். கிறித்து பிறந்ததிலிருந்து ஆண்டுகளை எண்ணும் முறையையே டயோனீசியஸ் என்ற துறவி 525ஆம் ஆண்டில்தான் வகுத்தார். இன்றைய எண் சோதிடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாலியட் என்ற அம்மையாரின் நூல்களால் பரவியது. அயர்லாந்தில் பிறந்த கீரோ 1926இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் விற்றது. கீரோ 1க்குச் சூரியன், 3க்கு வியாழன், 9க்குச் செவ்வாய் என்று கோள்களைப் பங்கிட்டார். 4க்கு யுரேனஸ், 7க்கு நெப்டியூன். யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1781இல், நெப்டியூன் 1846இல். ஆகவே இந்தப் பங்கீடு பழங்கால ஞானமாக இருக்க முடியாது. நம் ஊர்க்காரர்கள் அந்த இரண்டு இடங்களில் ராகுவையும் கேதுவையும் வைத்துக்கொண்டார்கள்.

இனி அந்தத் தம்பதியிடம் வருவோம். கணித மேதை சோஃபியா கோவலெவ்ஸ்காயா 1850 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தவர். அக்காலத்தில் ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் மாணவராகச் சேர முடியாது. வெளிநாடு சென்று படிக்கலாம் என்றால், மணமாகாத பெண் தந்தையின் இசைவின்றிக் கடவுச்சீட்டுப் பெற முடியாது. மணமான பெண்ணுக்குக் கணவனின் இசைவு போதும். ஆகவே படிப்பார்வம் கொண்ட சில பெண்கள், தங்களுக்கு உதவ முன்வந்த இளைஞர்களைப் பெயரளவில் மணந்துகொண்டார்கள். சோஃபியாவும் 1868இல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கியை அவ்வாறே மணந்தார். விளாதிமிர் தொல்லுயிரியல் அறிஞர். டார்வினின் எழுத்துகளை ரஷ்ய மொழியில் வெளியிட்டவர். குதிரையினத்தின் புதைபடிவங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1869இல் இருவரும் எல்லையைக் கடந்தனர்.

அந்த எல்லையைக் கடந்தபோது அவர்களுடைய பிறந்த தேதிகளும் மாறின. ரஷ்யாவில் அப்போது வழங்கியது பழைய ஜூலியன் நாட்காட்டி. ஜெர்மனியில் வழங்கியது நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி 12 நாள். சோஃபியா பிறந்தது ரஷ்யக் கணக்கில் 3-1-1850, ஜெர்மன் கணக்கில் 15-1-1850. விளாதிமிர் பிறந்தது ரஷ்யக் கணக்கில் 2-8-1842, ஜெர்மன் கணக்கில் 14-8-1842.

கூட்டிப் பார்ப்போம். ரஷ்யத் தேதியில் சோஃபியாவுக்கு 3+1+1+8+5+0 = 18, அதாவது 9. விளாதிமிருக்கு 2+8+1+8+4+2 = 25, அதாவது 7. கீரோவின் பட்டியல்படி இது செவ்வாயும் நெப்டியூனும் சேர்ந்த ஜோடி. ஜெர்மன் தேதியில் சோஃபியாவுக்கு 1+5+1+1+8+5+0 = 21, அதாவது 3. விளாதிமிருக்கு 1+4+8+1+8+4+2 = 28, பிறகு 10, பிறகு 1. இப்போது அவர்கள் வியாழனும் சூரியனும்! குருவும் சூரியனும் நட்புக் கிரகங்கள் என்று நம் சோதிடர்கள் சொல்வார்கள். ரயில் எல்லையைத் தாண்டியவுடன் தம்பதியின் பொருத்தமே வேறாகிவிட்டது.

எந்த எண் சரி என்று அவர்களுடைய வாழ்க்கையைக் கேட்கலாமே என்று தோன்றும். கேட்டால் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கும். அவர்கள் பல ஆண்டுகள் வெவ்வேறு ஊர்களில் படித்தார்கள். 1874இல் சோஃபியா கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ரஷ்யா திரும்பி உண்மையான கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள். 1878இல் ஒரு மகள் பிறந்தாள். வியாபாரத்தில் இறங்கிய விளாதிமிர் கடனில் மூழ்கினார், மீண்டும் பிரிவு வந்தது, 1883இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பொருந்தும் என்று சொன்னவர் 1878ஐக் காட்டுவார். பொருந்தாது என்று சொன்னவர் 1883ஐக் காட்டுவார். இத்தகைய அட்டவணை தோற்றுப்போவதே இல்லை, அதுதான் அதன் குறை.

எண் சோதிடத்தை நம்புபவர் இங்கே ஒரு நல்ல மறுமொழி சொல்லக்கூடும். 9, 3 இரண்டும் 3-6-9 என்ற ஒரே குடும்பம். 7, 1 இரண்டும் கீரோ கணக்கில் ஒரே கூட்டம். ஆகவே அடிப்படை மாறவில்லையே! உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் 12 என்ற இடைவெளி 3ஆல் வகுபடுவது மட்டுமே. 20ஆம் நூற்றாண்டில் இடைவெளி 13 நாளாயிற்று. ஒரே மாதத்துக்குள் 13 நாள் நகர்ந்தால் எண் நான்கு படி தாவும், 9 என்பது 4 ஆகும். குடும்பமும் சிதறிவிடும். 1918இல் ரஷ்யா நாட்காட்டியை மாற்றியபோது ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. அதற்குமுன் பிறந்த ரஷ்யர்கள் எல்லோருக்கும் இரண்டு தேதிகள் உண்டு.

இடையில் மாதம் முடிந்தாலோ கணக்கு வேறு. டிசம்பர் அல்லாத 31 நாள் மாதத்தின் முடிவைத் தாண்டி 12 நாள் நகர்ந்தால், நாளில் 19 குறைந்து மாதத்தில் 1 கூடும். மொத்தத்தில் 18 குறைவு, மீதி மாறாது. மேரி கியூரி அன்றைய ரஷ்ய ஆட்சியிலிருந்த வார்சாவில் 7-11-1867இல் பிறந்தவர், பழைய கணக்கில் அது 26-10-1867. இரண்டையும் கூட்டினால் 31, அதாவது 4. ஆக ஒரு தம்பதியில் ஒருவர் எண் மாறாமலும் மற்றவர் எண் மாறியும் போகலாம். அதைத் தீர்மானிப்பது குணமல்ல, அந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதே.

எண்கள் அப்படியிருக்க, தேதியாவது நம்பத்தக்கதா? நம் கிராமங்களில் முதியவர்கள் பலருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளைக்குத் தேதி தெரியாதபோது, வகுப்புக்கு ஏற்ற வயது வரும்படி ஆசிரியர் எழுதிக்கொண்ட தேதி அது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்ததே 1969இல். அந்தத் தேதிகளைப் பொருத்திப் பார்த்தால் தெரியவருவது இரண்டு பள்ளி ஆசிரியர்களின் பொருத்தம்.

இத்தகைய பதிவுப் பிழை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஓர் உண்மைச் சோதனை உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2001ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பிலிருந்து சுமார் 1 கோடி தம்பதிகளின் பிறந்த தேதிகளை டேவிட் வோஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அவர் பார்த்தது விதி எண்ணை அல்ல, மேல்நாட்டு ராசிகளை. எந்த ராசிக்கு எந்த ராசி பொருத்தம் என்ற விதிகளில் ஒன்றும் அங்கே தென்படவில்லை. ஒன்று மட்டும் தலைகாட்டியது. ஒரே ராசிக்காரர்கள் மணந்துகொண்டது எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக இருந்தது. சோதிடர்கள் மகிழ்ந்திருப்பார்கள்! வோஸ் விடாமல் காரணத்தைத் தேடினார். வீட்டுக்கு ஒருவர் படிவத்தை நிரப்பும்போது, துணைவரின் பிறந்த தேதிக்குரிய கட்டத்தில் கைதவறித் தம்முடைய பிறந்த மாதத்தையே எழுதிவிட்டிருந்தார்கள்.