லீவு எழுதிக் கொடுக்கும் முன் விதியில் எதைப் பார்க்கணும்? ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஆலைத் தொழிலாளர்களுக்கான விளக்கம்

ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதி ஷூ கம்பெனிகளிலும் தோல் ஆலைகளிலும் லீவு பிரச்னை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. "சூப்பர்வைசர் சரின்னு சொன்னார், ஆனா சம்பளத்துல பிடிச்சுட்டாங்க" என்பதுதான் அது. கையில் லீவு பாக்கி இருந்தாலும் மூன்று விஷயங்களில் ஒன்று தவறினால் விண்ணப்பம் நிற்காது. எத்தனை நாள் முன்னால் கொடுத்தோம், எந்தத் தேதியில் கேட்டோம், யார் கையெழுத்து போட்டார் என்பவையே அந்த மூன்று.

விதி எங்கே இருக்கும்?

நிலையாணைகள் பொருந்தும் ஆலைகளில், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குத் தெரிந்த மொழியிலும் அவற்றை நுழைவாயில் அருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்பது 1946 நிலையாணைச் சட்டம் வகுத்த முறை. லீவு பகுதி அதில் தனித் தலைப்பாக இருக்கும். எச்.ஆர். தரும் லீவு பாலிசி தனித் தாளாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

15 நாள் கணக்கு எப்படி?

பல ஆலைகளின் விதியில் 15 நாள் என்று இருப்பதற்குக் காரணம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவு. சம்பளத்துடன் கூடிய லீவுக்கு, தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் எழுத்தில் கேட்க வேண்டும் என்றது அது. உடல்நலக் குறைவுக்காகக் கேட்டால் இந்த 15 நாள் நிபந்தனை பொருந்தாது என்றும் அதே பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் ஆண்டு தொழில் பாதுகாப்புத் தொகுப்பு வந்துள்ளது. அதனால் உங்கள் ஆலையின் தாளில் இப்போது என்ன எண் இருக்கிறது என்பதை நேரில் பார்த்துவிடுவது நல்லது. அது காலண்டர் நாளா, வேலை நாளா என்பதையும் கவனிக்கணும். எதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

லீவு தராத நாட்கள்

ஷிப்மென்ட் வாரம், மாதக் கடைசி, ஸ்டாக் எடுக்கும் நாள் போன்றவை இந்தப் பட்டியலில் வரும். பலரும் குழம்பும் இடமும் இதுதான். தடை என்பது லீவில் இருக்கும் தேதிகளுக்கு. விண்ணப்பம் கொடுக்கும் தேதிக்கு அல்ல. லீவின் முதல் நாளோ கடைசி நாளோ தடைக்குள் விழுந்தாலும் சிக்கல் வரும். பழைய சட்டப்படி, வேலை தடைபடாமல் இருக்க லீவு திட்டம் போடுவதென்றால் பணிக்குழுவுடனோ தொழிலாளர் பிரதிநிதிகளுடனோ ஒப்புக்கொண்டு, அதைப் பலகையில் ஒட்ட வேண்டும். வாய்மொழியாக மட்டும் சொல்லப்படும் தடையாக இருந்தால், அது எந்தத் தாளில் இருக்கிறது என்று கேட்கலாம்.

ஓர் உதாரணம்

ஒரு ஷூ கம்பெனியின் விதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4 நாளுக்கு மேல் லீவு என்றால் 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாதத்தின் 25-ம் தேதி முதல் கடைசி நாள் வரை லீவு கிடையாது. 2 நாள் வரை சூப்பர்வைசரும், 6 நாள் வரை பிரிவு மேலாளரும், அதற்கு மேல் ஆலை மேலாளரும் அனுமதி தர வேண்டும்.

தையல் பிரிவில் வேலை செய்யும் ஒருவர், தங்கை கல்யாணத்துக்காக 2026 ஜூன் 10 புதன் முதல் ஜூன் 16 செவ்வாய் வரை லீவு கேட்கிறார். காலண்டரில் அது 7 நாள். நடுவில் 14-ம் தேதி ஞாயிறு வார விடுமுறை. 79-வது பிரிவின்படி விடுமுறை நாட்கள் லீவு கணக்கில் சேராது. அவர் ஆலையின் விதியும் அப்படியே இருந்தால் லீவு 6 நாள்தான், பிரிவு மேலாளர் கையெழுத்தே போதும். ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் கோப்பு ஆலை மேலாளர் வரை போகும்.

ஜூன் 10-க்கு முன் முழுதாக 15 நாள் இருக்க வேண்டுமென்றால் மே 25-க்குள் கொடுக்கணும். அன்றுதான் லீவு தடை வாரம் தொடங்குகிறது. விண்ணப்பம் கொடுக்கத் தடையில்லை என்றாலும், ஷிப்மென்ட் அவசரத்தில் மேலாளர் மேஜையிலேயே தாள் கிடந்துவிடலாம். அதனால் மே 22-க்குள் கொடுத்துவிடுவது நல்லது.

யார் சொன்னால் அனுமதி?

சூப்பர்வைசர் தலையாட்டினால் அது பரிந்துரை மட்டுமே. விதியில் 'பரிந்துரைப்பவர்', 'அனுமதிப்பவர்' என்று தனித்தனியாக இருந்தால் இரண்டாவது கையெழுத்துதான் செல்லும். மத்திய அரசின் 1946 மாதிரி நிலையாணைகளின்படி, விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள் அல்லது லீவு தொடங்க 2 நாள் முன்பு, எது முதலில் வருகிறதோ அதற்குள் பதில் தர வேண்டும். அனுமதித்தால் லீவு பாஸ் தரணும். மறுத்தால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதணும், தொழிலாளி கேட்டால் அதன் நகலும் தரணும். அதே மாதிரி ஆணையின்படி, லீவு முடிந்து 8 நாளுக்குள் திரும்பி வந்து தாமதத்துக்குத் திருப்தியான விளக்கம் தராவிட்டால் வேலை உரிமையே போகலாம்.

ஆகவே கொடுத்த தேதியுடன் பெற்றுக்கொண்ட கையெழுத்து உள்ள நகல் ஒன்றும், லீவு பாஸும் கையில் இருக்கட்டும். சம்பளத்தில் பிடித்தம் வந்தால் பேசுவதற்கு இவை இரண்டும்தான் ஆதாரம்.