டெக் பேக்: அளவு அட்டவணையும் தையல் குறிப்பும்

டெக் பேக் என்பது, ஓர் ஆடை தைத்து முடிந்தபின் எப்படி இருக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பவர் தையல் பிரிவுக்கு எழுத்தில் தரும் தாள்களின் தொகுப்பு. முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த படம், துணி, நூல், பட்டன் விவரம், அளவு அட்டவணை, தையல் குறிப்பு, லேபிள், பேக்கிங் எல்லாம் அதில் இருக்கும். கட்டிங் மாஸ்டருக்கும் கொள்முதல் செய்பவருக்கும் மற்ற பக்கங்கள் தேவைப்படலாம். லைனை நடத்தும் சூப்பர்வைசர் நாள் முழுதும் கையில் வைத்திருக்க வேண்டியவை அளவு அட்டவணையும் தையல் குறிப்பும்தான்.

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில், இருபது மெஷின் போட்டு ஜாப் வேலை எடுக்கும் ஒரு தையல் பிரிவு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தாள் ஆங்கிலத்தில் வருகிறது. சூப்பர்வைசர் தமிழில் கணக்குப் போடுகிறார். மெஷினில் இருப்பவர்களில் சிலருக்குத் தமிழ், சிலருக்குக் கன்னடம். ஸ்லீவ் என்றால் கை, ஹெம் என்றால் அடிமடிப்பு என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் எண்களில்தான் வருகிறது: அது எங்கிருந்து எங்குவரை அளந்த எண், எந்த நிலையில் இருக்கும் துணியின் எண் என்பதை எடுத்துச் சொன்னால்தான் புரியும். ஆண்களுக்கான முழுக்கைச் சட்டை ஒன்றின் எம் சைஸ் பக்கத்தில் நான்கு வரிகள் இப்படி இருக்கலாம்:

```
1/2 CHEST 1" BELOW AH    22    TOL +/- 1/4
SLV LENGTH FROM CB       34.5  TOL +/- 1/2
SIDE SEAM  516  SA 3/8"  11 SPI
BTM HEM    301  1/4"     12 SPI
```

அளவு அட்டவணை

முதல் வரி மார்பளவு. தையல் கடையில் தொழில் பழகியவர் மார்பளவு என்றதும் உடம்பில் டேப் சுற்றிய அளவை நினைப்பார். அதற்கு மேல் லூஸ் விடுவார். டெக் பேக்கில் இருப்பது உடம்பின் அளவு அல்ல, தைத்து முடித்த சட்டையின் அளவு. லூஸ் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. 22 என்பது பட்டன் போட்டு மேசையில் விரித்த சட்டையின் ஒரு பக்கம், அதாவது சுற்றளவில் பாதி. முழுச் சுற்று 44. இதை உடம்பளவு என்று எடுத்துக்கொண்டு நான்கு அங்குலம் லூஸ் விட்டால் சட்டை 48 ஆகிவிடும். பேட்டர்னைப் பிரிவே வெட்டிக்கொள்ளும் சிறிய ஆர்டர்களில்தான் இந்தத் தவறு பெரும்பாலும் நடக்கும்.

அதே வரியில் உள்ள `AH` என்பது ஆர்ம்ஹோல். கைக்குழி முடியும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கீழே டேப் வைக்க வேண்டும் என்று பொருள். இடுப்பை நோக்கிக் குறுகும் சட்டையில் டேப் இரண்டு அங்குலம் இறங்கினாலே எண் மாறிவிடும். இப்படி அளவின் பெயரோடு டேப் வைக்கும் இடமும் சேர்ந்தே வரும். உயரத்திலும் இதே கவனம் வேண்டும். `HPS` என்று போட்டிருந்தால் கழுத்தும் தோளும் சேரும் உச்சியிலிருந்து அளக்க வேண்டும். `CB` என்றால் நடு முதுகில் காலர் சேரும் தையலிலிருந்து. பின்கழுத்து இறங்கியிருக்கும் அளவுக்கு இரண்டும் வேறுபடும். யோக் வைத்த சட்டையில் இன்னொரு வலை உண்டு. அதில் தோள் தையல் உச்சியில் நிற்காமல் முன்பக்கம் தள்ளி விழும். தையலை உச்சி என்று நினைத்து அளப்பவருக்கு ஒவ்வொரு பீஸிலும் உயரம் குறைவாகவே வரும், சட்டையில் எந்தக் குறையும் இருக்காது.

இரண்டாவது வரியில் கைநீளம் நடு முதுகிலிருந்து தோள் முனை வழியாகக் கஃப் ஓரம்வரை. தோள் அகலம் 18½ என்றால் அதில் பாதி 9¼, தோள் தையலிலிருந்து கஃப்வரை 25¼, கூட்டினால் 34½. அட்டவணையில் தோள் அகலமும் கொடுத்திருந்தால் இப்படிக் கூட்டிப் பார்த்து எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

இங்கே 34.5 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்த் தொழிலாளர் வழக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். லைனில் இந்த எண்ணை ‘முப்பத்திநாலு அஞ்சு’ என்று உரக்கப் படித்தால் கேட்பவர் 34 அங்குலம் 5 நூல் என்று எடுத்துக்கொள்வார். புள்ளி ஐந்து என்பது அரை, அதாவது 4 நூல். கைநீளத்தில் ஒரு நூல் கூடினால் யாருக்கும் தெரியாது. காலர் 15.5 என்று இருந்து, டாலரன்ஸ் ஒரு நூல் மட்டும் என்றால், இந்த ஒரு வாசிப்புப் பிழையே டாலரன்ஸ் முழுவதையும் தின்றுவிடும். அதற்கு மேல் தையலில் ஒரு மயிரிழை கூடினாலும் பீஸ் தேறாது. அதனால் தாள் கைக்கு வந்ததும் புள்ளி எண்களையெல்லாம் நூல் கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது: .125 ஒரு நூல், .25 இரண்டு, .375 மூன்று, .75 ஆறு.

டாலரன்ஸ் என்பது அட்டவணை எண்ணிலிருந்து எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற எல்லை. பீஸுக்குப் பீஸ் கை கொஞ்சம் முன்னே பின்னே போகும் என்பதற்காகத் தரப்படுவது. பத்துப் பீஸ் அளந்தால் சில 22க்கு மேலும் சில கீழும் இருக்க வேண்டும். பத்துமே 21¾ என்று வந்தால் ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தாலும் லைனில் ஏதோ ஒன்று தொடர்ந்து தவறாக ஓடுகிறது என்று பொருள்.

சைஸ்களுக்கு இடையிலான ஏற்றத்தை கிரேடிங் என்பார்கள். மார்பில் எம் 44, எல் 46 என்று இரண்டு அங்குலம் ஏறினால் பண்டல் மாறிப்போனதை டேப் உடனே காட்டிக்கொடுக்கும். கஃப் சைஸுக்கு இரண்டு நூல்தான் ஏறுகிறது, டாலரன்ஸும் இரண்டு நூல் என்றால், எம் உடம்பில் எல் கஃப் ஏறியிருப்பதை டேப்பால் பிடிக்கவே முடியாது. அங்கே காப்பாற்றுவது பண்டல் டிக்கெட்டும் பார்ட்டில் ஒட்டிய நம்பரும் மட்டுமே.

வாஷ் ஆகும் சட்டை என்றால் அட்டவணை எண் வாஷுக்குப் பிந்தையதா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாஷ் ஆனபின் உயரம் 30 வர வேண்டும், துணி நூற்றுக்கு மூன்று சுருங்கும் என்றால், தைத்ததும் 30.93 இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 30 அங்குலம் ஏழரை நூல். இந்த எண் பெரும்பாலும் டெக் பேக்கில் இருக்காது. வாஷுக்கு முந்தைய அளவுக்குத் தனித்தாள் போட்டு லைனில் மாட்டாவிட்டால், செக்கிங்கில் நல்ல பீஸை ஆல்டரேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தையல் குறிப்பு

தையல் வகைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 4915 என்ற சர்வதேசத் தரம் எண் கொடுத்திருக்கிறது. முதல் இலக்கம் தையலின் குடும்பம். 301 என்பது பாபின் போட்ட சாதாரண லாக் ஸ்டிச். மேலும் கீழும் ஒரே மாதிரி தெரியும். 401 செயின் ஸ்டிச், 504 மூன்று நூல் ஓவர்லாக். 516 என்பது செயினும் ஓவர்லாக்கும் ஒரே ஓட்டத்தில் விழும் ஐந்து நூல் தையல். தாளில் 516 இருக்கும்போது அந்த மெஷின் இல்லை என்று லாக் ஸ்டிச் போட்டு மேலே மூன்று நூல் ஓவர்லாக் அடித்தால், பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆர்டர் கொடுத்தவர் கண்ணில் அது வேறு தையல். அனுமதி வாங்காமல் மாற்றக் கூடாது.

`SA` என்பது தையலுக்காகத் துணியில் விட்ட ஓரம். இங்கே 3/8, அதாவது 3 நூல். இந்தக் குறிப்பு அளவு அட்டவணையோடு நேராகக் கட்டப்பட்டிருக்கிறது. சட்டையில் பக்கத்தையல் இரண்டு; ஒவ்வொன்றிலும் முன்துண்டின் ஓரமும் பின்துண்டின் ஓரமும் சேர்வதால் மொத்தம் நான்கு ஓரம். 516 மெஷினில் கத்தி உண்டு. ஆபரேட்டர் துணியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்து, கத்தி ஓரத்துக்கு ஒரு நூல் கூடுதலாக வெட்டினால், நான்கு ஓரத்துக்கு நான்கு நூல். முழுச் சுற்றில் அரை அங்குலம் போய்விடும். பாதி மார்பு 22 இருக்க வேண்டிய இடத்தில் 21¾ வரும். மேலே சொன்ன பத்துப் பீஸும் அப்படித்தான் வந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க டேப்பைவிட மெஷினின் கழிவுத் தொட்டி சீக்கிரம் உதவும். ஓரம் சரியாக வெட்டப்பட்டு, தையலும் சரியாக விழுந்தால் கத்திக்குப் பிசிறு மட்டுமே கிடைக்கும். தொட்டியில் நாடா போலத் துணி கிடந்தால் கத்தி அளவைத் தின்றுகொண்டிருக்கிறது. நாடாவும் இல்லை, மார்பும் குறைகிறது என்றால் துண்டே சிறியது. கட்டிங்கில் பார்க்க வேண்டும். எல்லா சைஸிலும் ஒரே அளவு குறைந்தால் மெஷின் பக்கமும், ஒரு சைஸில் மட்டும் குறைந்தால் பேட்டர்ன் அல்லது கட்டிங் பக்கமும் தேடலாம். அடிச்சுற்று சரியாக இருந்து மார்பு மட்டும் குறைந்தால், அக்குள் அருகே ஆபரேட்டர் தையலை உள்ளே இழுக்கிறார்.

`SPI` என்பது ஓர் அங்குலத்தில் விழும் தையல்களின் எண்ணிக்கை. மெஷின் டயலில் இருப்பதோ ஒரு தையலின் நீளம், மில்லிமீட்டரில். 25.4ஐ எண்ணிக்கையால் வகுத்தால் நீளம் வரும்: 12 என்றால் 2.1, 11 என்றால் 2.3. டயலை மட்டும் நம்ப முடியாது. துணியின் கனம், வழுவழுப்பு, ஆபரேட்டர் பின்னாலிருந்து இழுக்கும் பழக்கம் எல்லாம் எண்ணிக்கையை மாற்றும். தைத்த பீஸில், ரிவர்ஸ் அடித்த இடத்தை விட்டுத் தள்ளி, இரண்டு அங்குலம் எண்ணிப் பாதியாக்கிப் பார்ப்பதே சரி. கூடினால் நல்லதுதானே என்று மெல்லிய பாப்ளினில் 12க்குப் பதில் 15 போட்டால் தையல் ஓரம் சுருங்கி அலைபோல நிற்கும். அயர்ன் செய்தாலும் முழுக்கப் போகாது.

அடிமடிப்பு வரியில் 1/4 என்பது முடிந்தபின் வெளியே தெரியும் அகலம். அதே அகலம் உள்ளேயும் மடிய வேண்டும் என்பதால் துணி அரை அங்குலம் விட்டு வெட்டப்பட்டிருக்க வேண்டும். வளைந்த அடியுள்ள சட்டையில் இந்த மடிப்பு முறுக்கிக்கொண்டால், ஆபரேட்டரைக் கோபிப்பதற்கு முன் மேல்துணியும் கீழ்த்துணியும் ஒரே வேகத்தில் நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தாளும் சாம்பிளும் முரண்பட்டால்

டெக் பேக் ஒருமுறை வந்து நின்றுவிடுவதில்லை. சாம்பிள் போய்த் திரும்பும்போது திருத்தக் குறிப்பு வரும்; காலர் முனை மாறும், கை அரை அங்குலம் குறையும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதியோ பதிப்பு எண்ணோ இருக்கும். பழைய பிரதி லைனில் தொங்கிக்கொண்டிருப்பதே மொத்த லாட்டும் தவறிப்போகப் பல நேரம் காரணம். புதியது வந்ததும் பழையதைக் கிழித்துவிடுவதே பாதுகாப்பு. சீல் போட்ட சாம்பிளில் ஒன்றும் தாளில் வேறொன்றும் இருந்தால் எது சரி என்பதை சூப்பர்வைசர் தானே முடிவு செய்யாமல், மெர்ச்சண்டைசரிடம் எழுத்தில் கேட்டு, பதிலைத் தாளிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

விளக்கிச் சொல்லும் வேலையில் கைகொடுப்பது எம் சைஸ் சாம்பிள் ஒன்றே. அதை மேசையில் விரித்து, டேப் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சிறு ஸ்டிக்கர் ஒட்டி, அட்டவணையில் இருக்கும் அதே எழுத்தை அதில் போட்டுவிட்டால் தமிழோ கன்னடமோ தேவைப்படாது. பக்கத்தில் சூப்பர்வைசர் கையால் எழுதிய நூல் கணக்கு இருக்கும். ஒவ்வொரு சைஸிலும் லைனிலிருந்து முதலில் வரும் பீஸை இந்தச் சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்து அளந்த பிறகே அடுத்த பண்டலை ஏற்ற வேண்டும். எந்த வேலை எந்த மெஷினில், எந்த வரிசையில், என்ன ஊசியில் என்பதைப் பெரும்பாலான டெக் பேக்குகள் சொல்வதில்லை. அது சூப்பர்வைசர் தாமே போட வேண்டிய கணக்கு.