மருந்துப் பெயரின் ஈறு: யூரியா ஸ்டிபமைன் முதல் பாரமோமைசின் வரை

கல்கத்தாவின் கேம்பல் மருத்துவமனையில், சிறிய அறையொன்றில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920ஆம் ஆண்டில் காலா-அசார் நோய்க்கு மருந்தொன்றை உருவாக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் யூரியா ஸ்டிபமைன். 'ஸ்டிப்' என்பது ஆண்டிமணியின் இலத்தீன் பெயரான ஸ்டிபியத்திலிருந்து வந்தது. 'அமைன்' நைட்ரஜன் அடங்கிய தொகுதியைச் சுட்டுவது. மருந்தினுள் என்ன இருக்கிறது என்பதை அப்பெயர் சொல்லியது. உடலில் அது என்ன செய்யும் என்பதைச் சொல்லவில்லை. அதன் உட்கூறு பெயர் காட்டுமளவுக்கு எளியதன்று என்பதும் பின்னர் தெரியவந்தது.

மருந்துகளுக்குப் பொதுப்பெயர் இடும் நெறியை உலக சுகாதார நிறுவனம் 1950இல் வகுத்தது. முதல் பட்டியல் 1953இல் வெளிவந்தது. உறவுடைய மருந்துகள் பொதுவான ஓர் அசையைத் தாங்க வேண்டும் என்பது அந்நெறியின் உயிர்நாடி. அட்டெனோலால், புரோபிரனோலால் ஆகியவற்றின் '-ஓலால்' பீட்டா தடுப்பிகளைக் குறிக்கும். எனலாபிரிலின் '-பிரில்' ஏ.சி.இ. தடுப்பிகளைக் குறிக்கும். மாணவர் குறிப்பேடுகளில் காணும் ஈற்று அட்டவணைகள் இந்நெறியின் நிழல்களே.

ஆனால் எல்லா ஈறுகளும் ஒரே வகைச் செய்தியைத் தருவதில்லை. இந்தியாவில் 2006இல் காலா-அசாருக்கு அனுமதி பெற்ற பாரமோமைசினை எடுத்துக்கொள்வோம். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவற்றைப் படித்த மாணவர், '-மைசின் என்றால் மேக்ரோலைடு' என எழுதிவைத்திருப்பார். பாரமோமைசினையும் அதில் சேர்ப்பார். அது தவறு. பாரமோமைசின் ஓர் அமினோகிளைகோசைடு. அவ்வகை மருந்தைத் தரும்போது செவியையும் சிறுநீரகத்தையும் கண்காணிக்க வேண்டும். வகையைத் தவறவிட்டவர் அக்கவனத்தையும் தவறவிடுவார்.

பிழை ஈற்றில் இல்லை; அதை நாம் படித்த முறையில் இருக்கிறது. '-மைசின்' அறிவிப்பது பிறப்பிடத்தை மட்டுமே: ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிகளின் வழிவந்த எதிருயிரி என்பதே அதன் பொருள். மேக்ரோலைடைக் காட்டும் ஈறு அதனினும் நீளமான '-த்ரோமைசின்'. ஜென்டமைசினோ மைக்ரோமோனோஸ்போராவிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதன் ஈற்றில் 'ஒய்' இராது, 'ஐ' இருக்கும். தமிழ் எழுத்திலும் செவியிலும் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

ஆகவே அட்டவணை அமைப்போர் இரண்டைச் செய்யலாம். முதலாவது, ஈறு சுட்டுவது செயலையா, வேதியமைப்பையா, பிறப்பிடத்தையா என்பதற்குத் தனி நிரல் ஒன்றை இடுவது. இரண்டாவது, பொருந்தும் ஈறுகளுள் மிக நீண்டதையே முதலில் கொள்வது. 'அரிபிபிரசோல்' என்பதில் '-பிரசோல்' கண்டதும் ஒமெபிரசோலைப் போன்ற வயிற்று அமிலத் தடுப்பி என்று முடிவுகட்டிவிடலாம். அதனினும் நீண்ட '-பிபிரசோல்' அதை மனநோய் மருந்துகளோடு சேர்க்கிறது. ஈறு காட்டுவது ஊகத்தின் தொடக்கத்தையே. முடிவை மருந்தின் செயல்முறையைப் படித்துத்தான் எட்ட வேண்டும்.